இரண்டு வாரமாக ஒரு சத்தமும் இல்லை: யாருக்கு, எப்படி மெயில் போடுவது?

பொங்கல் லீவு முடிந்த வாரம், புதன்கிழமை காலை அந்தத் தம்பி ஃபோன் செய்தான். முன்பு என் டீமில் இருந்தவன். நாலரை வருட அனுபவம், ஜாவா பேக்எண்ட்.

"அண்ணா, செகண்ட் ரவுண்ட் முடிஞ்சு இன்னிக்கோட பதினாலு நாள் ஆச்சு. அந்த வாரக் கடைசிக்குள்ள சொல்றோம்னாங்க. ஒரு சத்தமும் இல்ல. மெயில் போடலாமா, இல்ல அப்பிடியே விட்டுடவா?"

விவரம் கேட்டேன். சென்னை ஓ.எம்.ஆரில் இருக்கும் நடுத்தர அளவு நிறுவனம். ஜனவரி 7 அன்று 75 நிமிடம் வீடியோ காலில் டெக்னிக்கல் ரவுண்டு, எதிரில் இரண்டு பேர். ஏற்பாடு செய்தது அந்த நிறுவனத்தின் எச்.ஆரில் இருக்கும் ரெக்ரூட்டர். இதற்கிடையில் கோவையில் இன்னொரு இடத்திலிருந்து ஆஃபர் கைக்கு வந்துவிட்டது. அதற்கு 27ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்போதைய வேலையில் நோட்டீஸ் பீரியட் 60 நாள். சம்பளம் கோவையில் கொஞ்சம் குறைவு, மனசு ஓ.எம்.ஆர். பக்கம்.

அவன் கையில் மூன்று மெயில் எழுதித் தயாராக இருந்தன. அது போக, பேட்டி எடுத்தவருக்கு லிங்க்ட்இன்னில் மெசேஜ் போடலாமா, ரெக்ரூட்டருக்கு வாட்ஸ்அப் அனுப்பலாமா, அங்கே வேலை பார்க்கும் கல்லூரி நண்பனைக் கேட்கச் சொல்லலாமா என்று யோசனைகள். எதுவும் செய்யாமல் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்பது அவன் அப்பா சொன்னது.

ஆறு வருடமாக நான் பேட்டி எடுக்கும் பேனலில் உட்காருகிறவன். அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், இந்த வழிகளில் எது உதவும், எது வீண் என்று பிரிப்பது சுலபம். அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா மௌனமும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே நான்கு விதம். முதலாவது, ஃபீட்பேக் எழுதப்படவில்லை. பேட்டி முடிந்ததும் பேனலில் இருந்த ஒவ்வொருவரும் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். மதிப்பெண், காரணம், எடுக்கலாமா வேண்டாமா. இரண்டு பேரில் ஒருவர் நிரப்பாவிட்டால் ரெக்ரூட்டர் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: ஒருமுறை புரொடக்‌ஷனில் ஒரு பிரச்சினை வந்து, அதில் முழுகி, நான் அந்தப் படிவத்தை ஒன்பது நாள் தொடவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் கொடுக்க நினைத்தது நல்ல மதிப்பெண். அவருக்கு அது எப்படித் தெரியும்?

இரண்டாவது, உங்களுக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஆஃபர் போயிருக்கிறது, அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அல்லது போட்டுவிட்டு நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார். நம் ஊரில் நோட்டீஸ் பீரியட் 60 நாள், 90 நாள் என்று நீள்வதால், அதற்குள் இன்னொரு ஆஃபர் கிடைத்து அவர் வராமலே போய்விடுவது சாதாரணம். எச்.ஆர். இதை நன்றாக அறிவார்கள். அதனால் இரண்டாவது இடத்தில் இருப்பவரை வேண்டாம் என்று சொல்லவும் மனசு வராது, வா என்று கூப்பிடவும் இடம் இருக்காது. பதில் சொல்லாமல் வைத்திருப்பார்கள்.

மூன்றாவது, அந்த இடமே ஹோல்டில் போய்விட்டது. பட்ஜெட், புராஜெக்ட், மேலிடத்து உத்தரவு என ஏதோ ஒன்று. பெரும்பாலும் ரெக்ரூட்டருக்கே அரைகுறையாகத்தான் தெரியும். நான்காவது எளிது: வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள், யாரும் அதைச் சொல்லவில்லை. ஆள் எடுக்கப் பயன்படுத்தும் சாஃப்ட்வேரில் அந்தப் பெயரை நிராகரிப்பு என்ற கட்டத்துக்கு யாராவது நகர்த்தினால்தான் வேண்டாம் என்ற மெயில் கிளம்பும். பல இடங்களில் அந்த வேலைக்கு ஆள் சேர்ந்த பிறகு மிச்சப் பெயர்களை மொத்தமாக ஒரே நாளில் நகர்த்துவார்கள். அதுவரை மௌனம்தான்.

இந்த நான்கில் உங்கள் மெயிலால் அசையக்கூடியது எது? முதலாவதும் நான்காவதும். ஒன்றில் எழுதாத படிவம் எழுதப்படும், மற்றதில் சொல்லாத பதில் சொல்லப்படும். மூன்றாவது அசையவே அசையாது. இரண்டாவது சாதாரண மெயிலுக்கு அசையாது. ஆனால் உங்கள் கையில் இன்னொரு ஆஃபர் இருக்கிறது, அதற்குத் தேதி இருக்கிறது என்று தெரிந்தால் அசையலாம். ஏனென்றால் அப்போது அவர்கள் உங்களை இழக்கத் தயாரா இல்லையா என்று முடிவு செய்தாக வேண்டும். எந்த மெயிலும் மதிப்பெண்ணை மாற்றாது. எங்கோ சிக்கி நிற்கும் காகிதத்தை நகர்த்துவதுதான் அதன் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் மற்ற வழிகளை எடை போடுகிறேன்.

அப்பா சொன்னதில் நியாயம் உண்டு. பதினாலு நாள் என்பது காலண்டர் கணக்கு. 8, 9, பிறகு 12, 13, 14. 15, 16 பொங்கல். 19, 20, 21. ஆக எட்டே வேலைநாள்தான் ஆகியிருக்கிறது. அதிலும் போகிக்கு முந்தைய நாளே பாதி ஆபீஸ் ஊருக்குக் கிளம்பியிருக்கும். கோவை ஆஃபர் இல்லாமல் இருந்திருந்தால் நானும் அடுத்த வாரம் 28ஆம் தேதி வரை பொறு என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்குள் பன்னிரண்டு வேலைநாள் கடந்திருக்கும், பொங்கல் லீவு எடுத்தவர்களும் திரும்பியிருப்பார்கள், காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆனால் இவன் விஷயத்தில் 27 ஒரு சுவர். 26 குடியரசு தினம், அதற்கு முன் சனி ஞாயிறு. அப்படியென்றால் ஓ.எம்.ஆரிலிருந்து பதில் வரக்கூடிய கடைசி முழு வேலைநாள் 23 வெள்ளி. இன்று 21. ரெக்ரூட்டர் பேனலைக் கேட்டு, பேனல் பதில் சொல்லி, அது திரும்பி வர இரண்டு நாளாவது வேண்டும். இன்றே அனுப்பியாக வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே முடிந்துவிட்டது. பதில் எந்தத் தேதிக்குள் கிடைத்தால் உங்களுக்குப் பயன்படும் என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இரண்டு வாரமா மூன்று வாரமா என்று பொதுவாக யோசிப்பதைவிட இது தெளிவு.

சரி, யாருக்கு?

பேட்டி எடுத்தவருக்கு நேராக எழுதுவது பலருக்கும் தோன்றும் ஆசை. 75 நிமிடம் பேசியிருக்கிறோம், சிரித்துப் பேசினார், பெயர் தெரியும், லிங்க்ட்இன்னில் இருக்கிறார். எனக்கே இப்படி மெசேஜ்கள் வந்திருக்கின்றன. "சார், நான் எப்படிப் பண்ணினேன்?" பதில் சொன்னால் தவறு; முடிவை எச்.ஆர்தான் சொல்ல வேண்டும் என்பது நான் வேலை பார்த்த எல்லா இடத்திலும் விதி. சொல்லாமல் விட்டால் மனசு உறுத்தும். கடைசியில் நான் செய்தது அதை அப்படியே ரெக்ரூட்டருக்கு அனுப்பி, இவர் கேட்கிறார் பாருங்கள் என்று ஒரு வரி எழுதியதுதான். சுற்றிச் சுற்றி அங்கேதான் போகிறது. கூடவே, தன்னைத் தாண்டிப் போய்விட்டார் என்று ரெக்ரூட்டருக்கு ஒரு சின்ன வருத்தமும் சேர்ந்துகொள்ளும்.

விதிவிலக்கு இரண்டு. பத்து இருபது பேர் இருக்கும் ஸ்டார்ட்அப்பில் நிறுவனரே பேட்டி எடுத்திருந்தால் அவர்தான் எச்.ஆர்., அவருக்கே எழுதலாம். ரெக்ரூட்டர் வேலையை விட்டுப் போய் மெயில் திரும்பி வந்தால், அப்போது பேனலில் மூத்தவருக்கு எழுதுவதில் தவறில்லை. ஆனால் முடிவைக் கேட்காமல், இப்போது யாரைத் தொடர்பு கொள்வது என்று மட்டும் கேட்க வேண்டும்.

கல்லூரி நண்பன் வழியை அவன் பெரிதாக நம்பினான். நண்பன் வேறு டீம். அவனால் ஒன்றே ஒன்று பார்த்துச் சொல்ல முடியும்: அந்த வேலை இன்னும் உள்ளே திறந்திருக்கிறதா, மூடிவிட்டார்களா. அதை மட்டும் கேட்கச் சொன்னேன். திறந்திருக்கிறது என்று அரைமணியில் பதில் வந்தது. மூன்றாவது காரணம் பெரும்பாலும் அடிபட்டுப் போயிற்று. நண்பனை அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

ஃபோனும் வாட்ஸ்அப்பும் அவ்வளவு லேசாகத் தள்ளக்கூடியவை அல்ல. நம் ஊர் ரெக்ரூட்டர்கள் முதல் அழைப்பையே சொந்த செல்லிலிருந்துதான் செய்கிறார்கள். ஃபோனில் குரல் தெரியும்; தயங்குகிறாரா, உற்சாகமாக இருக்கிறாரா என்று பிடித்துவிடலாம். ஆனால் திடீரென்று கூப்பிட்டால் அவர் எதிரில் உங்கள் விவரம் இருக்காது. ஒரே நேரத்தில் பல வேலைகளுக்குப் பல பேரைப் பார்க்கிறவர். "செக் பண்ணிட்டுக் கூப்பிடுறேன் சார்" என்பார், பொய்யில்லாமல் சொல்வார், அடுத்த மீட்டிங்கில் மறந்துவிடுவார். ஃபோனில் பேசியதை அவர் பேனலுக்கு ஃபார்வேர்டு செய்ய முடியாது. மெயிலைச் செய்ய முடியும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மெயிலை முதலிலும் ஃபோனை இரண்டாவதாகவும் வைப்பேன். மெயில் போய் இரண்டு நாளாகியும் பதில் இல்லையென்றால், முற்பகலில் ஒரு முறை கூப்பிடலாம். அப்போது பேச்சைத் தொடங்க ஒரு பிடி இருக்கும்: புதன்கிழமை ஒரு மெயில் அனுப்பியிருந்தேன் மேடம்.

கன்சல்டன்சி வழியாகப் போயிருந்தால் இந்த வரிசை தலைகீழ். அவர்கள் ஃபோனிலேயே வாழ்கிறவர்கள், கூப்பிட்டால்தான் நடக்கும். ஆள் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கட்டணம். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கும் கணக்கு. அதனால் உங்களைவிட அவர்களுக்கு அவசரம் அதிகம். அவர்களைத் தாண்டி நிறுவனத்துக்கு நேராக எழுதினால் இந்த ஆளைக் கொண்டுவந்தது யார் என்ற தகராறு வரும், நடுவில் மாட்டுவது நீங்கள்.

ஆக, நிறுவனத்தின் ரெக்ரூட்டருக்கு மெயில். இதிலும் ஒரு கண்ணி உண்டு. அந்தத் தம்பி இன்பாக்ஸில் அந்த நிறுவனத்திலிருந்து மூன்று முகவரிகளின் மெயில் இருந்தது. ஒன்று சாஃப்ட்வேர் தானாக அனுப்பியது. முகவரியிலேயே `noreply` என்று இருந்தது, அதற்குப் பதில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். இரண்டாவது, நேரம் குறித்துக் கொடுத்த கோஆர்டினேட்டர். அவருக்கு முடிவு தெரியாது. மூன்றாவதுதான் சம்பளம், நோட்டீஸ் பீரியட் எல்லாம் முதலில் பேசிய ரெக்ரூட்டர். அவரோடு நடந்த பழைய மெயில் செயினிலேயே பதில் போடச் சொன்னேன். வேலையின் பெயர், பயோடேட்டா, ரவுண்டு தேதி எல்லாம் கீழேயே கிடக்கும், அவர் தேட வேண்டியதில்லை. புதிதாக ஒரு சப்ஜெக்ட் வைத்து எழுதினால் அந்த வசதி போய்விடும். காலண்டர் அழைப்பிலிருந்து ரிப்ளை ஆல் கொடுப்பது இன்னொரு விபத்து; பேனலில் இருந்த இருவருக்கும் சேர்ந்து போகும்.

இனி அவன் எழுதி வைத்திருந்த மூன்று மெயில்கள். மூன்றும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. நான் தமிழில் தருகிறேன். முதலாவது ஒரே வரி.

> வணக்கம் மேடம், ஏதாவது அப்டேட் உண்டா?

சுருக்கமாக இருக்கிறதே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இதற்கு ரெக்ரூட்டர் என்ன பதில் எழுதுவார்? எந்த வேலை, எந்த ரவுண்டு என்று அவரே தேட வேண்டும். தேடினாலும் எப்போது வரை சொல்ல வேண்டும் என்று இல்லை. சுலபமான பதில், விசாரித்துச் சொல்கிறேன் என்பது. அதோடு அந்த மெயில் முடிந்துபோகும். பதில் வந்ததால் உங்களாலும் உடனே மறுபடி கேட்க முடியாது. ஒரு வாய்ப்பு கரைந்துவிட்டது.

இரண்டாவது ஒன்றரைப் பக்கம். அதை அவன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுதியிருக்கிறான் என்று படித்தவுடனே தெரிந்தது. அந்த நிறுவனத்தின் மேல் தனக்கு இருக்கும் ஆர்வம், தன் பழைய புராஜெக்ட்கள், பிறகு பேட்டியில் தடுமாறிய ஒரு கேள்விக்குச் சரியான விடை. அந்த விடை நிஜமாகவே நன்றாக இருந்தது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு பயனர் நிமிடத்துக்கு 100 கோரிக்கைக்கு மேல் அனுப்பாமல் தடுக்க ஒரு ரேட் லிமிட்டர் வடிவமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவன் ரெடிஸில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு எண்ணிக்கை வைத்து, `INCR` போட்டு ஏற்றி, `EXPIRE` வைத்து 60 நொடியில் அழியவிடலாம் என்றான். நிமிட எல்லையில் என்ன ஆகும் என்று கேட்டதும் திணறிவிட்டான். வீட்டுக்குப் போனதும் புரிந்திருக்கிறது: ஒரு நிமிடத்தின் கடைசி நொடியில் 100, அடுத்த நிமிடத்தின் முதல் நொடியில் 100, ஆக இரண்டே நொடியில் 200 கோரிக்கை உள்ளே போய்விடும், லிமிட்டர் வாய் திறக்காது. இரண்டு கட்டளைக்கும் நடுவில் சர்வர் விழுந்தால் அந்த எண்ணிக்கை அழியாமலே ரெடிஸில் தேங்கிவிடும் என்பதையும் எழுதியிருந்தான். நகரும் சாளரம், டோக்கன் பக்கெட் என இரண்டு மாற்றும் கொடுத்திருந்தான்.

"இதை அனுப்பினா மார்க் கூடும்ல அண்ணா?"

"இதை ஜனவரி 8ஆம் தேதி காலைல அனுப்பியிருந்தா ஒருவேளை கூடியிருக்கும்டா."

பேட்டிக்கு மறுநாள், நன்றி சொல்லும் மெயிலில் நான்கு வரியில் இதை எழுதி, பேனலுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தால், படிவம் எழுதப்படுவதற்கு முன் பேனல் கையில் அது இருந்திருக்கும். நானே அப்படி வந்த ஒரு மெயிலைப் படித்து, தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்கிறார் என்று ஃபீட்பேக்கில் சேர்த்திருக்கிறேன். இரண்டு வாரம் கழித்து அது போய்ச் சேரும் இடம் ரெக்ரூட்டர். அவருக்கு ரெடிஸ் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஒன்றரைப் பக்கத்தில் நிலவரம் கேட்கும் வரி கடைசிப் பத்தியில் இருந்தது. செல்ஃபோனில் படிக்கிறவர் அதுவரை போக மாட்டார். அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம் என்று மூடி வைப்பார். நீளமான மெயிலுக்கு நேரும் கதி அதுதான்.

மூன்றாவது மெயிலை இருவரும் சேர்ந்து வெட்டிச் சரிசெய்தோம். கடைசியில் போனது இது:

> வணக்கம் மேடம்,
>
> ஜனவரி 7 அன்று பேக்எண்ட் டெவலப்பர் வேலைக்கான இரண்டாவது டெக்னிக்கல் ரவுண்டில் கலந்துகொண்டேன். முடிவு தெரிந்துவிட்டதா, அல்லது பேனலின் ஃபீட்பேக் இன்னும் வர வேண்டியிருக்கிறதா?
>
> வேறொரு நிறுவனத்தின் ஆஃபருக்கு 27ஆம் தேதிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். பேட்டியில் உங்கள் டீமின் வேலையைப் பற்றிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது; அதனால் அதற்கு முன் உங்கள் நிலவரம் தெரிந்தால் உதவியாக இருக்கும். 26 விடுமுறை என்பதால் 23 வெள்ளிக்குள் ஒரு வரி எழுதினாலும் போதும்.
>
> என் நோட்டீஸ் பீரியட் முன்பு சொன்ன 60 நாள்தான்.
>
> நன்றி.

கீழே பெயரும் ஃபோன் நம்பரும்.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டாவது வாக்கியம். கேள்விக்குள்ளேயே இரண்டு விடை இருக்கிறது, இரண்டும் ரெக்ரூட்டர் கூச்சமில்லாமல் சொல்லக்கூடியவை. ஃபீட்பேக் இன்னும் வரவில்லை என்று எழுதுவதில் அவருக்குச் சங்கடம் இல்லை, அதற்காக யாரையும் கேட்கவும் வேண்டாம். எப்போது முடிவு சொல்வீர்கள் என்று கேட்டிருந்தால் அவருக்கே தெரியாத ஒன்றுக்கு வாக்குக் கொடுக்கச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட மெயிலைத்தான் ஒதுக்கி வைப்பார்கள்.

ஆஃபரைச் சொல்லலாமா வேண்டாமா என்பதில் அவனுக்கும் எனக்கும் கொஞ்ச நேரம் வாக்குவாதம். மிரட்டுகிற மாதிரி இருக்குமே என்றான். தேதியைச் சொல்வது மிரட்டல் ஆகாது. பணத்தைச் சொன்னால்தான் பேரம் ஆகும், அதற்கு இன்னும் நேரம் வரவில்லை. நிறுவனத்தின் பெயரும் வேண்டாம், தொகையும் வேண்டாம். ஆனால் இல்லாத ஆஃபரை இருப்பதாக எழுதுவது நம் ஊரில் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும் வேலை. ஆஃபர் லெட்டரை அனுப்புங்கள், பார்த்துவிட்டு மேனேஜரிடம் பேசுகிறேன் என்று அடுத்த நிமிடமே கேட்பார்கள். இருக்கிறவர்களும் உடனே தூக்கி அனுப்ப வேண்டியதில்லை. வெளியே காட்டக்கூடாது என்று பல ஆஃபர் லெட்டர்களில் ஒரு வரி இருக்கும், படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஃபரே இல்லாதவர்கள் அந்தப் பத்தியை அப்படியே எடுத்துவிட்டால் போதும். மெயில் இன்னும் சின்னதாகும், ஒன்றும் கெட்டுப்போகாது.

நோட்டீஸ் பீரியட் வரியை அவன் தேவையில்லை என்றான். நான் விடவில்லை. ரெக்ரூட்டர் இந்த மெயிலை மேனேஜருக்கு ஃபார்வேர்டு செய்தால் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி, எப்போது சேர முடியும் என்பதுதான். அதற்கு விடை மெயிலிலேயே இருந்தால் ஒரு சுற்று மிச்சம்.

காலை 10:40க்கு அனுப்பினான். வெள்ளி மாலையில் இப்படி ஒரு மெயிலை அனுப்பினால் திங்கள் காலை வரும் குவியலுக்கு அடியில் போய்விடும்; புதன் முற்பகல் நல்ல நேரம்.

மறுநாள் வியாழன் மாலை நான்கு மணிக்குப் பதில் வந்தது. பேனலில் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போய் அன்றுதான் திரும்பியிருக்கிறார், அவருடைய ஃபீட்பேக் வர வேண்டும், நாளைக்குள் பேசுகிறேன். முதல் காரணம்தான் என்று இவன் குதித்தான். பதில் என்று வந்துவிட்டால் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெறும் பிராசஸில் இருக்கிறது என்று வந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. யாரிடம், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொன்னால் நல்ல அறிகுறி. நோட்டீஸைக் குறைக்க முடியுமா, மீதி நாளுக்குப் பணம் கட்டிவிட்டு வர முடியுமா என்று எதிர்க்கேள்வி வந்தால் அதைவிட நல்லது, யாரோ உள்ளே உங்களை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ரெக்ரூட்டரே ஃபோன் செய்தார். ஃபீட்பேக் பாசிட்டிவ், ஆனால் மேனேஜர் ரவுண்டு பிப்ரவரி முதல் வாரத்தில்தான் வைக்க முடியும், அந்த ஆஃபருக்கு இன்னும் பத்து நாள் டைம் கேட்க முடியுமா?

இவனுக்கு அது நல்ல செய்தியாகக் கேட்டது. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. வேண்டும் என்று நினைக்கிற ஆளுக்கு எந்த மேனேஜரும் அரைமணி நேரம் கண்டுபிடிப்பார். நானே காரில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு எடுத்திருக்கிறேன். பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டுப் பத்து நாள் தள்ளிப்போடுகிறார்கள் என்றால், பெரும்பாலும் இன்னொருவர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார்கள். இரண்டாவது காரணம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்க முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்கலாம். அன்றே கோவைக்கு மெயில் போட்டு டைம் கேட்டான். பத்து நாள் முடியாது, 29 வரை தருகிறோம் என்றார்கள். அந்தத் தேதியை வைத்து ஓ.எம்.ஆர். ரெக்ரூட்டருக்கு அதே செயினில் இரண்டே வரி: 29க்கு முன் எந்த நேரமானாலும், காலை எட்டோ ராத்திரி ஒன்பதோ, மேனேஜர் ரவுண்டுக்கு நான் தயார்.

அதற்குப் பதில் இல்லை. 27 மதியம் ஒருமுறை ஃபோன் செய்தான், எடுக்கவில்லை. மறுபடி மெயில் போடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எந்த நேரமானாலும் வருகிறேன் என்று சொன்ன பிறகும் மௌனம் என்றால், அந்த மௌனத்தைத்தான் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும். 29 காலை கோவை ஆஃபரில் கையெழுத்துப் போட்டான், மதியமே ராஜினாமா கொடுத்தான். 60 நாள் கணக்கில் மார்ச் 30 கடைசி நாள், ஏப்ரல் 1 புது வேலை.

பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை, ஓ.எம்.ஆர். ரெக்ரூட்டர் கூப்பிட்டிருக்கிறார். பொசிஷன் இன்னும் ஓப்பனாகத்தான் இருக்கிறது, மேனேஜர் ரவுண்டை நாளைக்கே வைத்துக்கொள்ளலாமா?

"நாளைக்கேவாம் அண்ணா," என்று சிரித்தான். "இப்ப என்ன சொல்றது?"

"ஃபோன்ல சொன்னியா எதையாவது?"

"மெயில்ல சொல்றேன்னு வெச்சுட்டேன்."

அதே செயினில் எழுதச் சொன்னேன். வேறொரு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஏப்ரல் 1 சேர்கிறேன், கேட்டதற்கு நன்றி. அனுப்பிவிட்டு எனக்கு ஸ்கிரீன்ஷாட் போட்டான். கீழே அந்த ஜனவரி 21 மெயில், ஊருக்குப் போனவர் திரும்பியதாக வந்த பதில், காலை எட்டோ ராத்திரி ஒன்பதோ என்று கேட்ட இரண்டு வரி, எல்லாம் வரிசையாக இருந்தன.